வலிப்பு வந்தால் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள்

உப்புக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் கடற்றொழிலாளி ஒருவருக்கு முன்பற்கள் இரண்டு இல்லை. வலிப்பு அந்தப் பற்களைக் கொண்டுபோகவில்லை. வலிப்பு வந்த நேரத்தில் வாய்க்குள் வைத்த கரண்டிதான் கொண்டுபோனது. கரண்டியை வைத்தவர் அவருடைய மனைவி. பல வருடங்கள் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் என்பதால், அடுத்த நாள் காலையில் அவர் என்னைத் தேடி வந்தார்.

"நாக்கை விழுங்கிப்போடுவார் எண்டு பயந்துதான் மிஸ் வைச்சனான். ரத்தத்தைக் கண்ட பிறகுதான் நான் என்ன செய்து போட்டன் எண்டு விளங்கினது" என்றார்.

அந்தக் குடும்பத்துக்கு நான் சில வாரங்களாகச் சொல்லிக் கொடுத்ததை, அவர்களின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். எங்கள் மக்களில் பல வீடுகளில் இதே கதை இருக்கிறது.

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 2009 இல் வன்னியில் எறிகணைச் சிதறல் ஒன்று தலையின் வலது பக்கத்தில் புகுந்தது. காயம் ஆறியது. சிறு துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. முதல் வலிப்பு வந்தது அதற்கு ஏழு வருடங்களின் பின்னர். அதனால்தான் குடும்பத்தில் யாரும் இரண்டையும் தொடர்புபடுத்தவில்லை. செய்வினை என்றார்கள், கடலில் ஏதோ அடித்தது என்றார்கள்.

உண்மையில் மூளையில் காயம் ஆறிய இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அந்தத் தழும்பைச் சுற்றியுள்ள நரம்புக் கலங்கள் சில வேளைகளில் கட்டுப்பாடின்றி ஒன்றாக மின்சாரத்தைப் பாய்ச்சும். அதுதான் வலிப்பு. வியட்நாம் போரில் தலைக்குள் குண்டோ சிதறலோ ஊடுருவிய அமெரிக்கப் படையினரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 15 வருடங்களுக்குள் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு வலிப்பு வந்திருந்தது. சிலருக்குப் பத்து வருடங்களுக்குப் பிறகே முதல் தடவை வந்தது. ஆகவே தலையில் போர்க் காயம் உள்ள ஒருவர் எத்தனை வருடம் சுகமாக இருந்தாலும், புதிதாக வலிப்பு வந்தால் பழைய காயத்தை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அந்த இரவு நடந்தது என்ன

"எவ்வளவு நேரம் இழுத்தது?" என்று மனைவியிடம் கேட்டேன். "அரை மணித்தியாலம் இருக்கும் மிஸ்" என்றார். அவருடைய கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தோம். விழுந்தவுடன் தம்பியை அழைத்தது இரவு 8.12 க்கு. தம்பி வாசலில் நின்று "நிண்டிட்டுதா?" என்று கேட்டு, ஆட்டோக்காரருக்கு அழைத்தது 8.15 க்கு. அப்போது இழுப்பு நின்றிருந்தது. மூன்று நிமிடம்தான்.

அவர் பொய் சொல்லவில்லை. பயத்தில் மூன்று நிமிடம் அரை மணித்தியாலமாகத்தான் தெரியும். ஆனால் வைத்தியருக்கு இந்த இரண்டும் முற்றிலும் வேறான நோய்நிலைகள். மூன்று நிமிடத்தில் தானாக நிற்பது வழமையான வலிப்பு. அரை மணித்தியாலம் நிற்காமல் இழுப்பது மூளையைப் பாதிக்கக்கூடிய, உயிருக்கே ஆபத்தான நிலை. அதனால்தான் வலிப்பு வந்தவுடன் செய்யும் முதல் வேலை மணிக்கூட்டைப் பார்ப்பது என்கிறேன். கைத்தொலைபேசி இருந்தால் அதிலேயே நேரம் தெரியும்.

பெரிய வலிப்பு பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் நடக்கும். முதலில் உடல் முழுவதும் விறைக்கும். நெஞ்சிலிருந்து காற்று வெளியே தள்ளப்படுவதால் ஒரு அலறல் சத்தம் வரலாம், அது வலியில் கத்துவதல்ல. சில நொடிகள் மூச்சு நின்றதுபோல் இருக்கும், உதடு நீலமாகும். பிறகு கை, கால் வெட்டி வெட்டி இழுக்கும். ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் பெரும்பாலும் அது தானாக நிற்கும். அதன்பின் குறட்டைபோல் ஆழ்ந்த மூச்சு, தூக்கம், எழும்பினால் தடுமாற்றம். சிறுநீர் போயிருக்கலாம், நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கலாம்.

இந்த ஒழுங்கு தெரிந்தால், கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும். ஒருவர் ஓடிப்போய் இரும்பைத் தேடிக் கொண்டுவர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் வலிப்பு தானாகவே நிற்கிறது. பெயர் இரும்புக்குப் போகிறது. செருப்பை மணக்கக் கொடுப்பதும், முகத்தில் தண்ணீர் அடிப்பதும் இதே வகைதான். இரும்பு கொடுப்பதால் பெரிய கேடில்லை என்று விட்டுவிட முடியாது. விரைத்த விரல்களைப் பலவந்தமாக விரிப்பார்கள். தலை நிலத்தில் அடிபடுவதை அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியது

நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவரைச் சுற்றியுள்ள ஆபத்தை அகற்றுங்கள். அடுப்பு, கத்தி, கதிரை, கல் எதுவானாலும் தள்ளி வையுங்கள். தண்ணீர், நெருப்பு, வீதி போன்ற இடமாக இருந்தால் மட்டுமே ஆளை நகர்த்த வேண்டும். தலைக்குக் கீழே மடித்த சறத்தையோ மெல்லிய தலையணையையோ வையுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் உங்கள் உள்ளங்கைகளை வையுங்கள். கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். மூக்குக்கண்ணாடி இருந்தால் கழற்றுங்கள்.

கை காலை அமத்திப் பிடிக்க வேண்டாம். பிடித்தால் வலிப்பு நிற்காது. தசை கிழியலாம், தோள் மூட்டு விலகலாம், எலும்பு உடையலாம்.

வாய்க்குள் ஒன்றையும் வைக்க வேண்டாம். கரண்டி, துணி, விரல், தண்ணீர், குளிசை எதுவும் கூடாது. நாக்கு வாயின் அடியோடு இணைந்திருக்கிறது. அதை யாராலும் விழுங்க முடியாது. நாக்கின் ஓரம் கடிபட்டால் சில நாளில் ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக் குழாய்க்குள் போனால் ஆள் திணறிவிடுவார். மயக்கத்தில் உள்ளவருக்கு ஊற்றும் தண்ணீரும் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும்.

வெட்டி இழுப்பது தணிந்தவுடன் ஆளைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். நாக்கு விழுங்கப்படாது என்றாலும், மல்லாந்து மயங்கிக் கிடப்பவரின் தளர்ந்த நாக்கு தொண்டைப் பக்கம் சாய்ந்து மூச்சை மறைக்கலாம். எச்சிலும் வாந்தியும் தொண்டையில் தேங்கும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து பக்கவாட்டில் கிடத்துவதுதான். இடையில் வாந்தி வந்தால் இழுப்பு நிற்கும்வரை காத்திராமல் அப்போதே திருப்புங்கள்.

திருப்பும் முறையை அந்த வீட்டில் பாயில் தம்பியைக் கிடத்திக் காட்டினேன். அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருங்கள். உங்கள் பக்கம் இருக்கும் கையை உடலுக்குச் செங்கோணமாக வெளியே நீட்டி வையுங்கள். மற்றக் கையை நெஞ்சுக்கு மேலாகக் கொண்டுவந்து, புறங்கை அவருடைய கன்னத்தில் படும்படி பிடியுங்கள். தூரத்தில் இருக்கும் முழங்காலை மடக்கி நிறுத்தி, அந்த முழங்காலைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். ஆள் தானாக உருண்டு வருவார். தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, வாய் நிலத்தை நோக்கி இருக்க விடுங்கள். எச்சில் வெளியே வடியும். பாரமான ஆளையும் ஒரு சிறுபிள்ளை இப்படித் திருப்பலாம். அந்த வீட்டுப் பன்னிரண்டு வயது மகள் இரண்டாம் தரத்திலேயே சரியாகச் செய்தாள்.

அதன்பின் மூச்சைக் கவனித்தபடி பக்கத்திலேயே இருங்கள். தன் பெயர், தான் எங்கே இருக்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லும் வரை தனியே விட வேண்டாம், குடிக்கவும் கொடுக்க வேண்டாம். சுற்றி நிற்கும் கூட்டத்தை அனுப்பிவிடுங்கள். சிறுநீர் போயிருந்தால் ஒரு துணியால் மூடிவிடுங்கள். கண் விழிக்கும்போது ஊரே சுற்றி நிற்பதைப் பார்ப்பதுதான் பலருக்கு வலிப்பைவிடப் பெரிய வேதனை.

எல்லா வலிப்பும் விழுத்தாது. இவருக்கே சில நாட்களில் ஒரு இடத்தையே வெறித்துப் பார்ப்பதும், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு இருப்பதும், கேட்டால் பதில் சொல்லாததும் நடந்திருக்கிறது. "யோசிச்சுக்கொண்டு இருக்கிறார் எண்டு நினைச்சன்" என்றார் மனைவி. அதுவும் வலிப்புத்தான். அந்த நேரத்தில் பிடித்து உலுக்கக் கூடாது. ஆபத்தான இடத்துக்குப் போனால் மெதுவாக வழியை மாற்றிவிட்டு, தெளியும்வரை கூட நின்றால் போதும்.

எப்போது 1990?

ஐந்து நிமிடம். அந்த எண்ணை மறக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டிய இழுப்பு மருந்தில்லாமல் தானாக நிற்கும் வாய்ப்புக் குறைவு. அந்த நேரத்தில் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். அம்புலன்ஸ் வரப் பிந்தும் என்றால் இருக்கும் வாகனத்தில் பக்கவாட்டாகக் கிடத்தி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். உப்புக்குளத்தில் இருப்பவர்களுக்கு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை நகருக்குள்ளேயே இருக்கிறது.

ஐந்து நிமிடம் ஆகாவிட்டாலும் சில நிலைகளில் உடனே போக வேண்டும். ஒரு வலிப்பு முடிந்து நினைவு திரும்பும் முன்னரே மற்றது வந்தால், இழுப்பு நின்ற பிறகும் மூச்சு சீராக வராவிட்டால், தலையில் அடிபட்டிருந்தால், கர்ப்பிணி என்றால், நீரிழிவு உள்ளவர் என்றால், வாழ்க்கையில் முதல் தடவை என்றால் காத்திருக்க வேண்டாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தவரை, வெளியே எடுத்தபின் சுகமாகத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணித்தியாலம் கழித்தே மூச்சுத் திணறலைக் காட்டலாம்.

வைத்தியசாலையில் தாதியர் செய்வதும் நீங்கள் வீட்டில் செய்ததன் தொடர்ச்சிதான். பக்கவாட்டில் கிடத்தி, எச்சிலை உறிஞ்சி எடுத்து, ஒட்சிசன் கொடுத்து, இரத்தச் சீனியைப் பார்ப்பார்கள். நிற்காவிட்டால் டயசபாம், மிடசொலாம் போன்ற மருந்தை வைத்தியர் கொடுப்பார். கட்டிலின் இருபக்கத் தடுப்புகளும் உயர்த்தப்பட்டிருக்கும். அவற்றைப் பார்வையாளர்கள் இறக்க வேண்டாம். நன்றாகத் தெளிந்து, விழுங்க முடிகிறது என்று பார்க்கும்வரை வீட்டுச் சாப்பாட்டையும் கொடுக்க வேண்டாம்.

வைத்தியரிடம் போகும்போது ஒரு கொப்பியில் நாலு விடயம் எழுதியிருக்க வேண்டும்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம், உடலின் எந்தப் பக்கத்தில் முதலில் தொடங்கியது, தெளிய எவ்வளவு நேரம் எடுத்தது. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கலாம். இவருக்கு இடது கையில்தான் முதலில் துடிப்பு வந்தது என்று மனைவி சொன்னபோது, வலது பக்கக் காயத்தோடு அது பொருந்துகிறது என்று வைத்தியர் சொன்னார். மூளையின் வலது பக்கம்தான் உடலின் இடது பக்கத்தை இயக்குகிறது.

போர்க் காயம் உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரம் மிகப் பெரிய காந்தம். தலையிலோ உடம்பில் எங்காவதோ இரும்புத் துண்டு இருந்தால் அது அசையவும் சூடாகவும் இடமுண்டு. கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். எக்ஸ்ரே, சி.ரி. ஸ்கானுக்கு இந்த ஆபத்து இல்லை. இவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் "தலையில் உலோகத் துண்டு உண்டு" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

குளிசை ஏன் தவறியது

கரண்டி வைத்த அந்த இரவுக்கு முந்திய மூன்று நாளும் அவர் குளிசை போடவில்லை. எட்டு மாதமாக வலிப்பு வரவில்லை, இனித் தேவையில்லை என்று நினைத்தார். வரவில்லை என்பது குளிசை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், நோய் போய்விட்டது என்பதற்கு அல்ல. திடீரென நிறுத்தினால் முன்னரைவிடக் கடுமையான, நிற்காத வலிப்பு வரலாம். குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியர் சொல்லி, மெதுவாக நடக்க வேண்டிய வேலை. வலிப்புக் குளிசை போடும் பெண் பிள்ளை பெற நினைத்தால் அதற்கு முன்னரே வைத்தியரிடம் பேச வேண்டும். வல்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடும். பயத்தில் தானாக நிறுத்துவதும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரவுத் தொழில். தூக்கமில்லாமல் விடியும்வரை கடலில் நிற்பவருக்கு இரவுக் குளிசை தவறிப்போகும். நித்திரைக் குறைவும் தன் பங்குக்கு வலிப்பைத் தூண்டும், குடியும் தூண்டும். ஞாயிறு தொடக்கம் சனி வரை பெயர் எழுதிய ஏழு சிறு டப்பாக்களை மகள் செய்து வைத்திருக்கிறாள். டப்பா காலியா என்று பார்த்தால் போதும், போட்டாரா என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்தவுடன் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போட வேண்டும், இரண்டையும் சேர்த்து அல்ல. புதிய குளிசை தொடங்கிய முதல் வாரங்களில் உடம்பில் தடிப்போ கொப்புளமோ வந்தால் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டு உம்மா ஒருவர், வலிப்புள்ள தன் மகன் நோன்பு பிடிக்கலாமா என்று கேட்டார். நோன்பு மாதம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே கிளினிக்கில் கேளுங்கள் என்றேன். சிலருக்கு நோன்பு திறக்கும் நேரத்துக்கும் சஹருக்கும் பொருந்தும்படி குளிசையை மாற்றிக் கொடுக்க முடியும். சிலருக்கு நோன்பே ஆபத்தாக இருக்கும். வீட்டில் தாங்களாகவே பகல் குளிசையை விடுவதுதான் கூடாது.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

அந்த வீட்டை அவரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தேன். "வலிப்பு இந்த இடத்தில் இப்ப வந்தால் எதில விழுவீங்கள்?" என்பதுதான் ஒவ்வொரு இடத்திலும் நான் கேட்ட ஒரே கேள்வி.

முதலில் கிணறு. கட்டு முழங்கால் உயரம்தான். இடுப்புக்கு மேல் உயர்த்தும்வரை அவர் தண்ணீர் அள்ளக் கூடாது, மூடியும் போட வேண்டும் என்று முடிவானது. குளிப்பது வாளியும் கோப்பையுமாக, தாழ்ந்த பலகையில் இருந்தபடி. குளியலறையிலும் மலசலகூடத்திலும் உள் கொக்கி போடுவதில்லை. அதற்குப் பதிலாக "ஆள் உள்ளே" என்று ஒரு துவாயை வெளியே தொங்கவிடுகிறார்கள்.

சமையல் அடுப்பு நிலத்தில் இருந்தது. வலிப்பில் தீக்காயம் பட்டவர்களை நான் விடுதியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள். வலிப்புள்ளவர் சமைக்க வேண்டி வந்தால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். கொதிக்கும் பானையைத் தூக்காமல், கோப்பையை அடுப்படிக்குக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். படுக்கை உயரமான கட்டிலாக இல்லாமல் பாய் அல்லது தாழ்ந்த மெத்தையாக இருப்பது நல்லது. அதே அறையில் இன்னொருவர் படுக்க வேண்டும். ஏணி, பனை, மோட்டார் சைக்கிள் மூன்றையும் வைத்தியர் சொல்லும்வரை விட்டுவிட வேண்டும்.

கடைசியாகக் கடல். அதைப் பேசும்போதுதான் அவர் முகம் மாறியது. "கடலுக்குப் போகாட்டி என்னத்தைச் சாப்பிடுறது மிஸ்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை. வலிப்புள்ளவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பதினைந்து மடங்குக்கும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வள்ளத்தில் இருந்து விழுபவர் நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் அந்த மூன்று நிமிடமும் அவருக்கு நீந்தத் தெரியாது.

கடைசியில் இப்படி உடன்பட்டார். வலிப்பு நன்றாகக் கட்டுப்பட்டுவிட்டது என்று வைத்தியர் சொல்லும்வரை கரையில் வலை பொத்துவதும், மீன் பிரிப்பதும். பிறகு வைத்தியர் சம்மதித்தால் பகலில் மட்டும், தம்பியோடு மட்டும், கரையை விட்டுத் தள்ளும் முன்னரே உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு. சுழியோடுவது இனி ஒருபோதும் இல்லை. தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தேன்: தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் பின்னால் இருந்து தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடி, இழுப்பு தணிந்தவுடன் வள்ளத்தில் ஏற்று, மூச்சைப் பார், கரைக்கு வா.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் காலை மகள் கொப்பியோடு வந்தாள். முதல்நாள் தலைவலியோடு கிடந்தவருக்கு விடியப்புறம் வலிப்பு வந்திருக்கிறது. அவளுடைய எழுத்தில் இப்படி இருந்தது: "5.40 தொடங்கியது. இடது கை முதலில். 5.42 நின்றது. நான் சரித்துக் கிடத்தினேன். அம்மா தலையணை வைத்தா. 6.05 க்கு என் பெயர் சொன்னார். காயம் இல்லை."

அந்தப் பக்கத்தைக் கிளினிக்கில் காட்டச் சொன்னேன். வைத்தியர் அதைப் பார்த்துத்தான் குளிசையின் அளவை மாற்றினார்.